சிதைந்த பாறையில் ஃபுட்டிங்: 45 டன்னா, 450 டன்னா?

மண் ஆய்வு அறிக்கையில் "சிதைந்த பாறை" என்று எழுதியிருந்தால், அதற்கு எவ்வளவு தாங்கு அழுத்தம் எடுப்பது என்பதில் கட்டட வடிவமைப்பாளர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரே குழிக்கு ஒரு அறிக்கை சதுர மீட்டருக்கு 45 டன் என்கிறது, இன்னொன்று 300 டன்னுக்கு மேல் போகலாம் என்கிறது. இரண்டுமே ஏதோ ஒரு கோடையோ பாடநூலையோ சரியாகத்தான் பின்பற்றியிருக்கும். எதை எடுப்பது என்று கேட்டு வரும் கேள்விகளுக்கு இந்த ஒப்பீட்டில் பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

பேச வசதியாக ஒரு கட்டடத்தை வைத்துக்கொள்வோம். இடம் சென்னையின் தெற்கே, பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம். அங்கே அடியில் இருப்பது சார்னோகைட். புதிதாக உடைத்த சார்னோகைட் துண்டின் அமுக்க வலிமை பெரும்பாலும் 100 மெகாபாஸ்கலைத் தாண்டும். ஆனால் குழியில் நமக்குக் கிடைப்பது அதுவல்ல. தண்ணீர் பிளவுகள் வழியே இறங்கி, இரண்டு பக்கமும் பாறையைத் தின்றுகொண்டே போயிருக்கும். பிளவுகளுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு பாறைக் கட்டத்தின் நடுவிலும் கெட்டியான உருண்டை, அதைச் சுற்றி வெங்காயத் தோல் போல உரியும் அடுக்குகள், அதற்கும் வெளியே பழுப்புக் களிமண். இந்தப் படம் மனதில் இருந்தால் கீழே வரும் எண்களைப் படிப்பது எளிது.

நம் எடுத்துக்காட்டில் உள்ள விவரம் இவ்வளவுதான். நடுத்தூணின் சுமை 300 டன். குழி 2.5 மீட்டர் ஆழம். என்.எக்ஸ். அளவுக் கோரில் ஆர்.க்யூ.டி., அதாவது நீளத் துண்டுகளின் சதவீதம், 30. குழிச் சுவரில் அளந்த பிளவு இடைவெளி சராசரியாக 40 செ.மீ. பிளவுகளின் வாய் 3 மி.மீ., உள்ளே களிமண். ஆய்வகத்துக்குப் போன கோர் துண்டுகளின் அமுக்க வலிமை 25 மெகாபாஸ்கல். மழைக்காலத்தில் குழியில் ஈரம் வடிகிறது.

## முதலில், எவ்வளவு வேண்டும்?

முறைகளை ஒப்பிடும் முன் இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும். பலர் இதைக் கடைசியில் போடுகிறார்கள், அதனால்தான் தேவையில்லாத சண்டை வருகிறது.

300 டன் தூணுக்கு 45 டன் அழுத்தம் எடுத்தால் 2.6 மீட்டர் சதுர ஃபுட்டிங் வேண்டும், அதாவது 6.7 சதுர மீட்டர். 100 டன் எடுத்தால் 1.75 மீட்டர் சதுரம், 3 சதுர மீட்டர். ஒவ்வொரு தூணிலும் பரப்பு பாதிக்கு மேல் குறைகிறது. பாறையை பிரேக்கர் வைத்து உடைத்துக் குழி எடுக்கும் இடத்தில் இது பெரிய பணம்.

இனி 130 டன்னிலிருந்து 360 டன்னுக்குப் போங்கள். 1.5 மீட்டர் சதுரம் 0.9 மீட்டர் ஆகிறது. மிச்சமாவது ஒன்றரைச் சதுர மீட்டர்தான். 45-க்கு 60 செ.மீ. தூண் என்றால் அந்தப் ஃபுட்டிங் தூணுக்கு வெளியே ஒரு பக்கம் 15, மறுபக்கம் 22 செ.மீ. மட்டுமே நீட்டிக்கொண்டிருக்கும். 25 மி.மீ. தூண் கம்பிகள் எம்25 கான்கிரீட்டுக்குள் நேராக இறங்கிப் பிடிக்கக் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் ஆழம் வேண்டும். ஆகவே தடிமனும் குறையாது. குழிக்குள் ஆள் இறங்கிக் கம்பி கட்டவும் இடம் வேண்டும். 150 டன்னுக்கு மேல் எண் ஏற ஏற இந்த அளவுக் கட்டடத்தில் லாபம் கரைந்துபோகிறது, அபாயம் மட்டும் ஏறுகிறது. 1,500 டன் தூண் என்றால் கதை வேறு. அங்கே 300 டன் அழுத்தத்துக்கு உண்மையான விலை உண்டு, அதைத் தேடி ஆய்வுக்குச் செலவழிக்கலாம்.

ஆக, நம் கேள்வி "பாறை 450 டன் தாங்குமா" என்பதல்ல. 100 முதல் 130 டன் வரை எதை நம்பி எடுக்கலாம் என்பதே.

## எதை வைத்து எடைபோடுவது

ஒவ்வொரு முறையிடமும் மூன்று கேள்வி கேட்கப்போகிறேன்.

முதலாவது, அது எதைப் பார்த்து பயப்படுகிறது: பாறை நொறுங்கிவிடும் என்றா, கட்டடம் அமிழும் என்றா? சிதைந்த பாறையில் பெரும்பாலான தொல்லை இரண்டாவதில்தான் வருகிறது. அதுவும் எல்லாத் தூணும் ஒரே மாதிரி அமிழ்வதால் அல்ல, ஒன்று அமிழ்ந்து பக்கத்துத் தூண் அமிழாமல் நிற்பதால்.

இரண்டாவது, அது கேட்கும் தகவல் இந்தப் பாறையில் ஒழுங்காகக் கிடைக்குமா? நல்ல கருங்கல்லில் நம்பகமான அளவீடு, சிதைந்த சார்னோகைட்டில் துளைக்கும் ஆளின் கைப்பழக்கத்தை அளப்பதாக மாறிவிடலாம்.

மூன்றாவது, மறைந்திருக்கும் செலவு.

## அட்டவணை மதிப்பு: 45 அல்லது 90 டன்

ஐ.எஸ். 1904 அட்டவணையில் மென்பாறைக்குச் சதுர மீட்டருக்கு 440 கிலோநியூட்டன், ஏறத்தாழ 45 டன். சிதறி உடைந்த அடிப்பாறைக்கு 880, அதாவது 90 டன். கிரானைட், டிராப் போன்ற பிளவில்லாக் கெட்டிப் பாறைக்கு 3,240. பிளவு இடைவெளியோ கோர் வலிமையோ எதுவும் கேட்காது. பாறைக்கு நீங்கள் வைக்கும் பெயர்தான் விடை.

அதிலேயே பலவீனமும் இருக்கிறது. நம் குழியை "மென்பாறை" என்றால் 45, "உடைந்த அடிப்பாறை" என்றால் 90. பெயர் வைப்பவர் யார் என்பதைப் பொறுத்து ஃபுட்டிங் பரப்பு இரண்டு மடங்காகிறது. அறிக்கை எழுதுபவர் தன்னைக் காத்துக்கொள்ள 45 என்று எழுதுவது இயல்பு. அந்த எச்சரிக்கைக்கான விலையைக் கொடுப்பவர் கட்டட உரிமையாளர்.

ஆனாலும் இதை ஏளனம் செய்ய மாட்டேன். இரண்டு மாடி வீடு, தூணுக்கு 40 டன் என்றால் 45 டன் அழுத்தத்தில் ஒரு மீட்டருக்குள் ஃபுட்டிங் முடிந்துவிடும். அதற்குக் கோர் எடுப்பதும் ஆய்வகத்துக்கு அனுப்புவதும் வீண். அங்கே அட்டவணையே சரியான தேர்வு.

## ஆர்.க்யூ.டி. வழி: சுமார் 360 டன்

1960களில் டியர் கொண்டுவந்த அளவு இது. துளைத்த நீளத்தில் 10 செ.மீ.க்கு மேற்பட்ட கோர் துண்டுகள் எத்தனை சதவீதம் என்று பார்ப்பது. 1974இல் பெக், ஹான்சன், தார்ன்பர்ன் மூவரும் இதைத் தாங்கு அழுத்தத்தோடு இணைத்தார்கள். ஆர்.க்யூ.டி. 25 என்றால் சதுர அடிக்கு 30 டன், 50 என்றால் 65 டன், சுழி என்றாலும் 10 டன். அரை அங்குலத்துக்கு மேல் அமிழக் கூடாது என்பதே அந்த எண்களின் அடிப்படை. விடை கோரின் அமுக்க வலிமையைத் தாண்டினால் அந்த வலிமையே வரம்பு.

30க்கு இடையில் கணக்கிட்டால் சதுர அடிக்கு 37 டன் வருகிறது. நம் அளவில் சதுர மீட்டருக்கு 360 டன். அமிழ்வைப் பார்த்து வகுத்த எண் என்பது இதன் நல்ல பக்கம்.

தொல்லை தகவலில் இருக்கிறது. பிளவு இடைவெளிக்கும் ஆர்.க்யூ.டி.க்கும் பிரீஸ்ட், ஹட்சன் 1976இல் கொடுத்த உறவு ஒன்று உண்டு. λ என்பது ஒரு மீட்டரில் வரும் பிளவுகளின் எண்ணிக்கை.

```
RQD = 100 × e^(-0.1λ) × (0.1λ + 1)
```

நம் இடைவெளி 40 செ.மீ., ஆகவே λ = 2.5. போட்டுப் பார்த்தால் விடை 97. குழிச் சுவர் 97 என்கிறது, கோர் பெட்டி 30 என்கிறது. இந்த முரண் கணக்குப் பிழையல்ல, நமக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள தகவலே இதுதான். பிளவுகள் மட்டும் காரணமாக இருந்தால் ஆர்.க்யூ.டி. இவ்வளவு கீழே வராது. ஒன்று, பிளவுகளுக்கு நடுவே உள்ள பாறையே சிதைந்து துளைக்கும்போது பொடியாகியிருக்கிறது. அல்லது, துளைத்த விதம் கோரை உடைத்திருக்கிறது.

இரண்டில் எது என்று கண்டுபிடிக்க முடியும். கோர் பெட்டியைத் திறந்து முறிந்த முகங்களைப் பாருங்கள். பழுப்புக் கறையோ களிமண் படலமோ இருந்தால் அது இயற்கைப் பிளவு. முகம் புதிதாக, பளிச்சென்று, கோருக்குக் குறுக்கே இருந்தால் துளைக்கும்போது முறிந்தது. அப்படி முறிந்ததை ஒரே துண்டாகச் சேர்த்து எண்ண வேண்டும். சிங்கிள் டியூப் பேரலால் எடுத்த கோரில் முறிந்த துண்டுகள் ஒன்றையொன்று தேய்த்து முனைகள் உருண்டிருக்கும். அப்படிப்பட்ட பெட்டியிலிருந்து ஆர்.க்யூ.டி. கணக்கிடுவதே தவறு. டபுள் டியூப் பேரல் வேண்டும், மிகவும் சிதைந்த பாறையில் டிரிபிள் டியூப்பே நல்லது. அதற்கான கூடுதல் வாடகைதான் இந்த முறையின் மறைந்த செலவு. டெண்டரில் "டபுள் டியூப்" என்று எழுதாமல் விட்டால் வருவது சிங்கிள் டியூப்தான்.

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. கையால் நசுக்கினால் உதிரும் சிதைந்த துண்டு 12 செ.மீ. நீளமாக வந்துவிட்டால் அதையும் எண்ணிவிடுகிறார்கள். கெட்டியாக இல்லாத துண்டை எண்ணக் கூடாது. அப்புறம், துளை செங்குத்து. செங்குத்துப் பிளவுகள் அதில் படாமலே போகும்.

இந்த முறை எங்கே பொருந்தும்? பாறை லேசாக மட்டும் சிதைந்து, பிளவுகள் இறுக்கமாக இருந்து, கோரும் நன்றாக எடுக்கப்பட்ட இடத்தில். நம் குழி அதுவல்ல.

## பிளவு இடைவெளியும் கோர் வலிமையும்: 250 முதல் 450 டன்

பாறையில் ஆழமற்ற அடித்தளத்துக்கான ஐ.எஸ். 12070 தரும் வழிகளில் ஒன்று இது. கனடாவின் அடித்தளக் கையேட்டிலும் இதே சூத்திரம் உண்டு.

```
qs = qc × Nj
Nj = (3 + Sp/B) / (10 × √(1 + 300 δ/Sp))
```

qc கோரின் அமுக்க வலிமை, Sp பிளவு இடைவெளி, B ஃபுட்டிங் அகலம், δ பிளவின் வாய். மூன்று மடங்கு பாதுகாப்பு Nj உள்ளேயே இருக்கிறது, மறுபடி 3ஆல் வகுக்க வேண்டாம். இடைவெளி 30 செ.மீ.க்குக் குறைந்தாலோ, δ/Sp 0.02ஐத் தாண்டினாலோ சூத்திரத்தைத் தொடக் கூடாது.

நம் எண்களைப் போடுவோம். B 2 மீட்டர் என்றால் Sp/B = 0.2. δ/Sp = 3/400 = 0.0075. வர்க்க மூலத்துக்குள் 3.25, வெளியே 1.8. Nj = 3.2/18 = 0.178. அதை 25 மெகாபாஸ்கலால் பெருக்கினால் 4.4 மெகாபாஸ்கல், கிட்டத்தட்ட 450 டன். சூத்திரம் வேண்டாம், 30 செ.மீ. முதல் 1 மீட்டர் வரை இடைவெளிக்கு Nj 0.1 என்ற எளிய மதிப்பை எடுத்தால் 2.5 மெகாபாஸ்கல், 250 டன். ஒரே முறைக்குள் இவ்வளவு வித்தியாசம்.

இதில் எது விடையை ஆட்டுகிறது என்று பாருங்கள். வாயை 3 மி.மீ.யிலிருந்து 8 மி.மீ. ஆக்கினால் Nj 0.12க்கு இறங்கி விடை 300 டன் ஆகிறது. பெரிய வீழ்ச்சி இல்லை. ஆனால் qc நேராகப் பெருக்குகிறது. 25 என்பது 8 ஆனால் விடை மூன்றில் ஒரு பங்கு.

அந்த 25 எங்கிருந்து வந்தது என்பதில்தான் சிக்கல். அமுக்கச் சோதனைக்கு விட்டத்தைப் போல இரு மடங்கு நீளத் துண்டு வேண்டும், என்.எக்ஸ். கோரில் 11 செ.மீ. போல. சிதைந்த பாறையில் அவ்வளவு நீளம் உடையாமல் வருவது கட்டத்தின் நடுவில் இருந்த கெட்டி உருண்டையின் துண்டு மட்டுமே. ஓரத்தில் இருந்த சிதைந்த அடுக்கு கோர் பெட்டிக்குப் பொடியாக வந்திருக்கும், அல்லது வந்திருக்கவே செய்யாது. ஆக ஆய்வகம் சோதித்தது இருப்பதில் மிகச் சிறந்ததை. எழுபது சதவீதக் கோர் கிடைத்தது என்றால் காணாமல் போன முப்பது சதவீதத்துக்கு யாரும் வலிமை சொல்லவில்லை.

இதற்கு ஒரு நடைமுறை வழி உண்டு. நீளமில்லாத துண்டுகளிலும் பாயிண்ட் லோடு சோதனை செய்யலாம். நல்ல துண்டுகளைத் தள்ளிவைத்து மட்டமானவற்றையும் சோதிக்கச் சொல்லுங்கள், அதுவும் தண்ணீரில் ஊறவைத்து. அப்படிப் பார்த்தால் 8 மெகாபாஸ்கல் என்று வந்தால், 0.1ஆல் பெருக்கி 0.8, அதாவது 80 டன். 450 எங்கே, 80 எங்கே! பிளவை மட்டும் நுணுக்கமாக அளந்துவிட்டு வலிமையைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்ததன் விளைவு அது.

இன்னொன்று. இந்தச் சூத்திரம் பாறைக் கட்டம் நொறுங்குவதைப் பற்றியே பேசுகிறது. அமிழ்வைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும். கெட்டிப் பாறை, அகன்ற இடைவெளி, மெல்லிய இறுக்கமான பிளவு, பெரிய தூண் சுமை என்று நான்கும் சேர்ந்த இடத்தில் இதுவே சிறந்த வழி. பிளவில் களிமண் தடித்த இடத்தில் இது தரும் எண்ணை உச்சவரம்பாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

## ஆர்.எம்.ஆர். வழி: 95 முதல் 130 டன்

பீனியாவ்ஸ்கியின் மதிப்பெண் முறை. வலிமை, ஆர்.க்யூ.டி., இடைவெளி, பிளவின் நிலை, தண்ணீர் ஆகிய ஐந்துக்கும் மதிப்பெண் கொடுத்துக் கூட்டுவது. 1989 பதிப்பின்படி நம் குழிக்கு வலிமைக்கு 4, ஆர்.க்யூ.டி.க்கு 8, இடைவெளிக்கு 10, களிமண் நிறைந்த பிளவுக்கு 10, ஈரத்துக்கு 7. மொத்தம் 39. பிளவுகளின் சாய்வு அடித்தளத்துக்குச் சுமார் ரகம் என்று 7 கழித்தால் 32.

ஐ.எஸ். 12070இல் ஆர்.எம்.ஆர்.க்கு நேரே அழுத்தம் தரும் அட்டவணை இருக்கிறது. 40 முதல் 21 வரையிலான மட்டமான பாறைக்கு ஏறத்தாழ 135 முதல் 45 டன். 39க்கு 130 டன், 32க்கு 95 டன் போல வரும். 12 மி.மீ. அமிழ்வுக்குள் நிற்க வேண்டும் என்பதை வைத்து வகுத்தது. அதனால் பாறைக்குள் ஆழமாக இறக்கினேன் என்று சொல்லி இதை உயர்த்தக் கூடாது.

எனக்கு இந்த முறையில் பிடித்தது, ஒரு தகவல் தவறினாலும் விடை தலைகீழாகாது என்பது. வலிமை 25க்குப் பதில் 8 என்று வைத்தால் மதிப்பெண் 4இலிருந்து 2 ஆகும், அவ்வளவுதான். முந்தைய முறையில் அதே மாற்றம் விடையை மூன்றில் ஒரு பங்காக்கியது. ஆர்.க்யூ.டி. 30 இல்லை, 20 என்றால் 8 மதிப்பெண் 3 ஆகும். நம் சிதைந்த சார்னோகைட்டில் ஒவ்வொரு அளவீடும் சந்தேகத்துக்குரியது என்பதால் இந்தத் தன்மைக்கு மதிப்பு அதிகம்.

மறைந்த செலவு, குழியில் இறங்கிப் பிளவுகளைப் பார்க்கும் ஒருவர் வேண்டும். கோர் பெட்டியை மட்டும் வைத்து அலுவலகத்தில் உட்கார்ந்து போட்ட ஆர்.எம்.ஆர்.க்கு அர்த்தமில்லை. பிளவின் வாய், நிரப்பு, சாய்வு மூன்றும் கோரில் தெரியாது. ஒரு சோதனைக் குழியாவது பாறை வரை திறந்தாக வேண்டும்.

கோடில் உள்ள ஒரு குறிப்பைப் பலர் தவறவிடுகிறார்கள். ஃபுட்டிங் அகலத்துக்குச் சமமான ஆழம் வரை உள்ள பாறையைச் சராசரியாக எடுக்கலாம். ஆனால் மேலே அகலத்தில் கால்பங்கு ஆழத்துக்குள் மட்டமான பாறை இருந்தால் அந்த மட்டமான மதிப்பையே எடுக்க வேண்டும், அல்லது அதை வெட்டிக் கான்கிரீட் நிரப்ப வேண்டும். 1.8 மீட்டர் ஃபுட்டிங்குக்கு அது மேல் 45 செ.மீ.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| முறை | நம் குழிக்கு (டன்/ச.மீ.) | 300 டன் தூணுக்குச் சதுர ஃபுட்டிங் | எதைப் பார்க்கிறது | எங்கே ஏமாற்றும் |
|---|---|---|---|---|
| அட்டவணை | 45 அல்லது 90 | 2.6 மீ. அல்லது 1.8 மீ. | பாறையின் பெயரை | பெயர் வைப்பதில் |
| ஆர்.க்யூ.டி. | 360 | 0.9 மீ. | அமிழ்வை | துளைத்த விதத்தில் |
| இடைவெளி + கோர் வலிமை | 250 முதல் 450, மட்டத் துண்டுக்கு 80 | 1.1 முதல் 0.8 மீ., 80க்கு 1.95 மீ. | நொறுங்குதலை | நல்ல துண்டை மட்டும் சோதிப்பதில் |
| ஆர்.எம்.ஆர். | 95 முதல் 130 | 1.8 முதல் 1.5 மீ. | அமிழ்வை | தனியொரு களிமண் படலத்தில் |

மட்டத் துண்டின் வலிமையோடு போட்ட 80, ஆர்.எம்.ஆர். தந்த 95, உடைந்த அடிப்பாறைக்கான 90 மூன்றும் பக்கம் பக்கமாக வந்து நிற்பதைக் கவனியுங்கள். மூன்று வேறு வழிகள் ஒரே இடத்துக்கு வந்தால் அதில் நம்பிக்கை வைக்கலாம்.

## எந்த முறைக்கும் தெரியாத களிமண் படலம்

பாறைத் திரளுக்கு ஒரு நெகிழ்மைக் குணகம் மதிப்பிட்டு அமிழ்வைக் கணக்கிட்டால் சிரிப்பு வரும். ஆர்.எம்.ஆர். 32, கோர் வலிமை 25 என்ற பாறைக்கு வழக்கமான சூத்திரங்கள் 1.8 கிகாபாஸ்கல் போலத் தருகின்றன. 100 டன் அழுத்தத்தில் 1.75 மீட்டர் ஃபுட்டிங் ஒரு மில்லிமீட்டர்கூட அமிழாது. அப்படியென்றால் 12 மி.மீ. வரம்பு எதற்கு?

படுக்கைவாட்டில் ஓடும் பிளவு ஒன்றில் சிதைவு மட்டும் தடித்து, 10 செ.மீ. களிமண் படலமாக ஃபுட்டிங்குக்கு நேர் அடியில் இருக்கிறது என்று வைப்போம். பக்கவாட்டில் பிதுங்க வழியில்லாத அந்தக் களிமண்ணின் குணகம் 10 மெகாபாஸ்கல் என்று எடுத்தால், 100 டன் அழுத்தத்தில், அதாவது ஏறத்தாழ 1 மெகாபாஸ்கலில், 10 மி.மீ. அமுங்கும். 360 டன்னில் 35 மி.மீ. ஐந்து மீட்டர் தள்ளி இருக்கும் அடுத்த தூணுக்கு அடியில் படலம் இல்லை, அது அமிழவில்லை. முதல் நிலையில் சாய்வு ஐந்நூறில் ஒரு பங்கு, சுவர் தாங்கிக்கொள்ளும். இரண்டாவதில் நூற்று நாற்பதில் ஒரு பங்கு. செங்கல் சுவர்கள் விரியத் தொடங்குவது முந்நூறில் ஒரு பங்குக்குப் பக்கத்திலேயே.

ஆர்.எம்.ஆர்.கூட இந்தத் தனிப் படலத்தைக் காணாது. அது சராசரி. ஆனால் அழுத்தத்தைக் குறைத்தே வைத்ததால், காணாத படலத்தையும் பெரும்பாலும் மன்னித்துவிடுகிறது. 360 டன் மன்னிக்காது.

படலத்தைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. குழி அடிமட்டத்துக்கு வந்ததும் ஒவ்வொரு ஃபுட்டிங்கிலும் ஜாக்ஹாமரால் ஃபுட்டிங் அகலத்தில் ஒன்றரை மடங்கு ஆழத்துக்குத் துளை போடச் சொல்லுங்கள். துளைப்பவர் கையில் பாறை தெரியும். கம்பி சட்டென்று இறங்கினால், வெளியே வரும் தூள் சாம்பல் நிறத்திலிருந்து பழுப்பாகி ஈரமாக ஒட்டினால், அங்கே படலம். முனை வளைத்த மெல்லிய கம்பியைத் துளைக்குள் விட்டுச் சுவரை உரசிக்கொண்டே இழுத்தால் முனை மாட்டும் இடத்தில் தடிமனையும் ஓரளவு அளக்கலாம். ஒரு ஃபுட்டிங்குக்கு மூன்று துளைக்கு ஆகும் செலவு ஒரு கோர் துளையின் செலவோடு ஒப்பிட்டால் அற்பம். உருண்டைக் கல்லைப் பாறை என்று நினைத்து அதன் மேலேயே ஃபுட்டிங் வைக்கும் தவறையும் இதே துளை காட்டிவிடும்.

பிளேட் லோடு டெஸ்ட் இதைச் செய்யாதா என்று கேட்பார்கள். 30 செ.மீ. பிளேட்டை 40 செ.மீ. கட்டத்தின் மேல் வைத்தால் ஒரு கல்லைச் சோதித்ததாகத்தான் அர்த்தம். பிளேட்டின் அழுத்தம் அதன் அகலத்தில் இரு மடங்கு ஆழம், 60 செ.மீ., வரைதான் எட்டும். 60 செ.மீ. பிளேட் வைத்து 100 டன் அழுத்தத்தின் மூன்று மடங்கு வரை போக வேண்டுமென்றால் 108 டன் எதிர்ச்சுமை தேவை. மணல் மூட்டை அடுக்கி முடியாது, பாறை ஆங்கர் போட வேண்டும். பெரிய கட்டடத்தில் இது நியாயம். சின்னதில் அந்தப் பணத்துக்கு எல்லாக் குழியிலும் ஜாக்ஹாமர் துளை போட்டுவிடலாம்.

## நான் எதை எடுப்பேன்

நம் குழிக்கு 95 டன். ஆர்.எம்.ஆர். வழியே வந்தது, மட்டத் துண்டின் 80 அதற்குத் துணை. ஃபுட்டிங் 1.8 மீட்டர் சதுரம். துளையில் படலம் கண்ட குழிகளில் அழுத்தத்தைக் குறைப்பதைவிட, படலம் ஆழமில்லை என்றால் அதுவரை வெட்டி எடுத்து எம்10 கான்கிரீட் நிரப்புவேன். ஒரு மீட்டருக்கும் கீழே என்றால் அந்த ஃபுட்டிங்கை மட்டும் அகலப்படுத்துவேன்.

லேசாகச் சிதைந்து, கறை மட்டும் படிந்த, களிமண் இல்லாத பிளவுகளோடு ஆர்.க்யூ.டி. 75க்கு மேல் வந்தால் இடைவெளி முறைக்கு மாறுவேன். நிரப்பு இல்லாத இடத்தில் அது சொல்வது நம்பத்தக்கது. இடைவெளி 10 செ.மீ.க்குள் இறங்கி, கோர் முழுக்கச் சல்லியாக வந்தால் பாறை முறைகள் எல்லாவற்றையும் விட்டுவிடுவேன். அதை நெருக்கமான மண்ணாக வைத்து எஸ்.பி.டி., பிளேட் லோடு டெஸ்ட் இரண்டையும் கொண்டு பார்ப்பதே நேர்மை.

ஏற்காடு, கொடைக்கானல், நீலகிரி போன்ற சார்னோகைட் மலைகளில் சரிவின் விளிம்பில் கட்டுவோருக்கு மேலே சொன்ன எந்த எண்ணும் பொருந்தாது. பிளவுகள் பள்ளத்தை நோக்கிச் சாய்ந்து வெட்டுமுகத்தில் வெளியே தெரிந்தால் முதல் கணக்கு சறுக்கலுக்கானது. ஆர்.எம்.ஆர்.இல் சாய்வுக்குக் கழிக்கும் 7 அல்லது 15 மதிப்பெண் அதற்கு மாற்றாகாது.

வரைபடத்தில் ஒரு குறிப்பு எழுதிவைப்பது நல்லது. குழி அடிமட்டம் வந்த அன்றே 10 செ.மீ. பி.சி.சி. போட வேண்டும், வெடி வைக்கக் கூடாது, கடைசி 30 செ.மீ. பிரேக்கரால் மெதுவாக எடுக்க வேண்டும். திறந்து கிடக்கும் சிதைந்த சார்னோகைட் ஒரு மழை கண்டால் மேலடுக்கு சேறாகும், அதற்கு மேல் ஊற்றிய ஃபுட்டிங்குக்கு அடியில் நீங்களே ஒரு படலத்தை உண்டாக்கியிருப்பீர்கள். பி.சி.சி.க்கு முன்னால் மழை முந்திக்கொண்டால் குழியைச் சுரண்டிக் கெட்டித் தரை வரும் வரை மறுபடி எடுக்க வேண்டும். அந்தக் கூடுதல் ஆழத்துக்குக் கணக்கு யார் கொடுப்பது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.